ஏஐ லேபிள் படத்தோடு அச்சகத்துக்குப் போகும் கடிதம்: மெழுகுவர்த்தி செய்வோர் கேட்கும் கேள்விகள்

சிவகாசியில் ஸ்டிக்கர் லேபிள் அடிக்கும் ஓர் அச்சகத்தில் வரும் ஃபைல்களைச் சரிபார்ப்பது என் வேலை. வீட்டிலிருந்தே வாசனை மெழுகுவர்த்தி செய்து விற்பவர்கள் இப்போது ஏஐ-யில் உருவாக்கிய ஒரு ஜார் படத்தை அனுப்பி, 'இதே மாதிரி ஐந்நூறு' என்கிறார்கள். கூடவே ஒரு பக்கக் கடிதம் வந்தால் வேலை ஓடுகிறது, வராவிட்டால் ஒரு வாரம் போன் பேச்சிலேயே கழிகிறது. அந்தக் கடிதத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். விளக்க வசதிக்காக எல்லாப் பதில்களிலும் ஒரே ஜாரைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: 75 மி.மீ. விட்டமுள்ள பழுப்புக் கண்ணாடி ஜார், மல்லிகை வாசனை, 180 கிராம் சோயா மெழுகு.

படமே தெளிவா இருக்கே, அப்புறம் எதுக்குத் தனியா ஒரு லெட்டர்?

நீங்கள் அனுப்புவது லேபிளின் படமில்லை, லேபிள் ஒட்டிய ஜாரின் படம். மேசை, வெளிச்சம், நிழல், ஜாரின் வளைவு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. அச்சகத்துக்கு வேண்டியது தட்டையாக விரித்த, அளவு குறித்த, எழுத்து சரியாக உள்ள ஒரு தாள். படத்தில் எது உங்கள் விருப்பம், எது ஏஐ தானாகப் போட்டது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஓரத்தில் இருக்கும் இலை நீங்கள் கேட்டதா, தற்செயலாக வந்ததா? ஜாடி மூடி மரத்தில் இருப்பதால் லேபிளிலும் மர நிறம் வேண்டுமா? இதைச் சொல்லத்தான் கடிதம்.

சரி, அதுல என்னென்ன எழுதணும்?

மூன்று விஷயங்கள் போதும். படத்தில் எதைப் பின்பற்ற வேண்டும், எதைக் கண்டுகொள்ள வேண்டாம், படத்தில் இல்லாத எது எந்த ஃபைலில் இருக்கிறது. 'நிறமும் பூவின் அமைப்பும் படத்தில் உள்ளபடி, எழுத்து முழுவதும் தனி பிடிஎஃப்-இல் உள்ளபடி, அளவு நான் கொடுத்த வரைபடப்படி' என்று ஒரே வரியில் எழுதினாலும் பாதி வேலை முடிந்தது.

பலர் எழுதி அனுப்புவது வேறு மாதிரி: 'ஒரு பிரீமியம் லுக் வேண்டும், இயற்கையான ஃபீல் வேண்டும்.' அதை வைத்து டிடிபி-யில் உட்காரும் பையன் ஒன்றும் செய்ய முடியாது. ஃபீலுக்குத்தான் படம் இருக்கிறதே. படம் சொல்லாததைக் கடிதம் சொல்ல வேண்டும்.

மொபைல்ல பார்த்தா அவ்வளவு ஷார்ப்பா இருக்கு. ரெசல்யூஷன் பத்தலைங்கிறாங்களே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏஐ தரும் சதுரப் படம் பெரும்பாலும் 1024 பிக்சல் அகலம். அதில் ஜார் நடுவில் இருக்கும், சுற்றிலும் மேசையும் சுவரும். நம் மல்லிகைப் படத்தில் ஜாரின் அகலம் ஏறக்குறைய 480 பிக்சல். நிஜத்தில் அந்த அகலம் 75 மி.மீ., அதாவது மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் அங்குலத்துக்கு 160 பிக்சல்தான் கிடைக்கிறது. நல்ல அச்சுக்கு 300 வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, படத்தில் லேபிளின் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. ஜாரைச் சுற்றி வரும் லேபிளின் நீளம் 225 மி.மீ. என்றால் அதற்கு 2,650 பிக்சலுக்கு மேல் வேண்டும். பின்பக்கத்தை யாரும் வரையவே இல்லை. கண்ணில் படும் முன்பக்கத்திலும் இரண்டு ஓரங்கள் வளைவில் சுருங்கி இருக்கும், அங்கே ஒரு பூ பாதி அகலத்தில் தெரியும். அதை வெட்டியெடுத்து விரித்தால் நசுங்கிய பூதான் வரும்.

அப்ஸ்கேல் பண்ணிட்டா பிரச்சினை தீர்ந்துடுமே?

பிக்சல் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான். நீர்வண்ணம் போன்ற மென்மையான பூவுக்கு அது ஓரளவு கைகொடுக்கும். எழுத்துக்கும் மெல்லிய கோட்டுக்கும் உதவாது. ஓரங்கள் அலையலையாக வரும், சில இடங்களில் இல்லாத நெளிவையும் அதுவே சேர்த்துவிடும். கோரல்டிரா மென்பொருளில் படத்தைக் கோடுகளாகத் தானாக டிரேஸ் செய்தாலும் இதே கதை, வட்டம் உருளைக்கிழங்கு மாதிரி வரும்.

அப்ஸ்கேல் செய்திருந்தால் கடிதத்தில் அதைச் சொல்லிவிட்டு, பழைய அசல் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பெரிதாக்கியதை மட்டும் பார்க்கிறவர், ஃபைல் அளவை வைத்து 'நல்ல ஃபைல்' என்று நம்பி நேராக அச்சுப் பிளேட்டுக்குப் போய்விடும் ஆபத்து இருக்கிறது. இன்னொன்று: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது மெயில்.

அளவை நான் எப்படிச் சொல்றது? ஸ்கேல் வெச்சு ஜாரை அளந்தா போதுமா?

ஸ்கேல் வேண்டாம். லேபிள் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டி ஜாரில் சுற்றி, இரண்டு முனையும் சேரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, விரித்து அளக்க வேண்டும். 75 மி.மீ. விட்டத்துக்கு 236 மி.மீ. அளவில் வரும். சுற்றும்போதே ஒன்றைக் கவனியுங்கள்: முனைகள் ஒரே கோட்டில் சேராமல் மேலும் கீழுமாக விலகினால் ஜார் கீழே குறுகலானது. அதற்கு நேரான பட்டை லேபிள் ஒட்டினால் ஓரத்தில் சுருக்கம் விழும். லேபிளை வெட்டும் டை வில் போல் வளைந்திருக்க வேண்டும். ஏஐ படத்தைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது, ஏனென்றால் படத்தில் இருப்பது உங்கள் ஜாரே இல்லை. முடிந்தால் காலி ஜார் ஒன்றைக் கூரியரில் அனுப்பிவிடுங்கள்.

முழுச் சுற்றா, இடைவெளி விட்டா என்பதையும் எழுத வேண்டும். அதில் காசு இருக்கிறது. முழுச் சுற்று என்றால் முனை மேல் முனை ஏற 4 மி.மீ. கூட்டி 240 மி.மீ. ஆகும். பின்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் கண்ணாடி தெரிய விட்டால் 225 மி.மீ. போதும். உயரம் 58 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், வெட்டு சற்று நகர்ந்தாலும் ஓரம் வெள்ளையாகத் தெரியாமலிருக்க நான்கு பக்கமும் 2 மி.மீ. கூடுதல் அச்சு, அதாவது பிளீட். டிஜிட்டல் மெஷினில் 13க்கு 19 அங்குலத் தாளில் ஏறக்குறைய 320க்கு 470 மி.மீ. அச்சாகும். 225 மி.மீ. லேபிள் அதில் வரிசைக்கு இரண்டாக ஐந்து வரிசை, மொத்தம் பத்து உட்காரும். 240 என்றால் வரிசைக்கு ஒன்றுதான், தாளைத் திருப்பி எல்லாவற்றையும் ஒரே திசையில் அடுக்கினாலும் ஏழைத் தாண்டாது. ஐந்நூறு லேபிளுக்கு 50 தாளா, 72 தாளா என்பது அந்த ஒரு சென்டிமீட்டரில் இருக்கிறது. பின்னால் இடைவெளி இருந்தால் மெழுகு எவ்வளவு மீதமிருக்கிறது என்பதும் வாங்கியவருக்குத் தெரியும்.

படத்துல தமிழ் எழுத்து கோணல்மாணலா வந்திருக்கு. நீங்களே திருத்திக்க மாட்டீங்களா?

திருத்தலாம், எதைத் திருத்துவது என்று தெரிந்தால். 'மல்லிகை'யில் ஐகாரச் சுழி எழுத்துக்குப் பின்னால் போயிருக்கும், 'ல்'லின் புள்ளி காணாமல் போயிருக்கும், அடுத்த வரியில் எந்த மொழியும் இல்லாத ஒரு கிறுக்கல் இருக்கும். முதல் இரண்டை ஊகிக்கலாம். மூன்றாவதில் நீங்கள் எழுத நினைத்தது என்ன? ஆங்கிலமும் இதிலிருந்து தப்பாது, சின்ன எழுத்தில் இருக்கும் வரிகளைக் கண்ணை ஒட்டிப் படித்துப் பாருங்கள்.

எழுத்து முழுவதையும் தனியாகத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். யூனிகோடில் வேர்டு ஃபைல் ஒன்று, அதையே பிடிஎஃப்-ஆக ஒன்று. இரண்டும் ஏன் என்றால், பல அச்சகங்களில் இன்னும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில்தான் தமிழ் வேலை நடக்கிறது. யூனிகோடை அங்கே ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும், மாற்றியில் போட்டு மாற்றினால் ஓரிரு எழுத்து பிசகலாம். பிடிஎஃப் கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கடிதத்தில், 'படத்தில் உள்ள எந்த எழுத்தையும் எடுக்க வேண்டாம்' என்று தனி வரியாக எழுதுங்கள்.

கோல்டு கலர் படத்துல பளபளன்னு இருக்கு. அதே மாதிரி வருமா?

நான்கு வண்ண மையில் தங்கம் கிடையாது. படத்தில் பளபளப்பாகத் தெரிவது மஞ்சளிலிருந்து பழுப்புக்கும் நடுவில் வெள்ளைக்கும் மாறும் ஒரு சாயல்தான். அதை அப்படியே அச்சடித்தால் கடுகு நிறத்தில் மங்கலாக வந்து நிற்கும். நிஜப் பளபளப்பு வேண்டுமென்றால் ஃபாயில், அதாவது பளபளக்கும் மெல்லிய தகடு, போட வேண்டும். அதற்குத் தனிச் செலவு, தனி ஃபைல். ஃபாயில் வரும் இடம் மட்டும் ஒரே அடர் கறுப்பில், சாயல் இல்லாமல், கோட்டு வடிவமாக இருக்க வேண்டும்.

ஏஐ வரைந்த தலைமுடி போன்ற கொடிகள் ஃபாயிலில் நிற்காது. கால் மில்லிக்குக் கீழே போகும் கோடு விட்டுவிட்டு விழும், நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று அடைத்துக்கொள்ளும். அச்சுக்கும் ஃபாயிலுக்கும் இடையே அரை மில்லி நகர்வும் சகஜம். அதனால் பூவின் விளிம்பை ஒட்டியே தங்கக் கோடு வேண்டும் என்று கேட்காதீர்கள். 'ஃபாயில் பெயருக்கும் மேல் வளையத்துக்கும் மட்டும், கொடிகள் சாதாரண அச்சில்' என்று எழுதினால் விலையும் சொல்லலாம், வேலையும் சுத்தமாக வரும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று வெளிச்சம். படத்தில் லேபிளின் இடது பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை இருந்தால் அது ஜன்னல் வெளிச்சம், டிசைன் இல்லை. சொல்லாவிட்டால் அதுவும் அச்சாகும்.

லேபிள் டிரான்ஸ்பரன்டா, பூ மட்டும் கிரீம் கலர்ல மிதக்கற மாதிரி இருக்கு. அது முடியுமா?

முடியும், ஆனால் வெள்ளை மை வேண்டும். கண்ணாடி போன்ற ஸ்டிக்கரில் கிரீம் நிறத்தை மட்டும் அடித்தால், பின்னால் பழுப்பு ஜார் வந்ததும் பூ கரைந்துபோகும். பூவுக்கு அடியில் வெள்ளை ஒரு பூச்சு கொடுத்து அதன் மேல்தான் நிறம் வர வேண்டும். எல்லா மெஷினிலும் வெள்ளை கிடையாது. ஆகவே இதைக் கடிதத்தின் முதல் கேள்வியாக வையுங்கள். 'இல்லை' என்று பதில் வந்தால் டிசைனையே மாற்ற வேண்டியிருக்கும்.

பார்கோடு, க்யூஆர், முயல் படம் போட்ட முத்திரை எல்லாம் அதுவே போட்டிருச்சு. இருந்துட்டுப் போகட்டுமே?

கூடாது. அந்தப் பார்கோடு வெறும் கோடுகள், எந்தக் கருவியும் படிக்காது. இந்தியாவில் கடைகளில் பார்கோடோடு விற்க வேண்டுமானால் ஜிஎஸ்1 இந்தியாவிடம் பதிவு செய்து 890 என்று தொடங்கும் எண் வாங்க வேண்டும். முழு அளவில் அந்தப் பார்கோடு 37 மி.மீ. அகலம், 26 மி.மீ. உயரம் பிடிக்கும். 80 சதவீதம் வரை சுருக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். ஏஐ படத்தில் அது கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். உங்களிடம் எண் இல்லையென்றால் இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். க்யூஆர் என்றால் உண்மையானதைத் தனி ஃபைலாகக் கொடுங்கள்.

முத்திரைகள்தான் எனக்கு அதிகம் கவலை. விலங்குகளில் சோதிக்கவில்லை என்று காட்டும் முயல், பச்சை இலை, '100% இயற்கை' என்ற வட்டம், சில சமயம் உணவுப் பொருளுக்கான சின்னம்கூட மெழுகுவர்த்தியில் வந்து நிற்கும். சான்று வாங்காமல் சான்றுச் சின்னம் போட்டால் மாட்டுவது நீங்கள், அடித்துக் கொடுத்த நாங்களும் சேர்ந்துதான். 'படத்தில் உள்ள சின்னங்கள் அனைத்தையும் நீக்கவும், எதற்கும் என்னிடம் சான்று இல்லை' என்று எழுதுங்கள். எரியும்போது கவனிக்க வேண்டிய எச்சரிக்கைக் குறிகளையும் ஏஐ தன் இஷ்டத்துக்கு வரையும். ஐரோப்பாவுக்கு அனுப்புவதாக இருந்தால் இஎன் 15494 தரத்தில் உள்ள வரைகுறிகளைத்தான் போட வேண்டும்.

எம்ஆர்பி, அட்ரஸ் எல்லாம் படத்துல இல்லை. அது அழகைக் கெடுத்துடும்னு விட்டுட்டேன்.

பின்பக்கம் இருக்கிறதே, அங்கே போடலாம். சட்டமுறை எடையளவு விதிகள் 2011-இன்படி, பொட்டலமாக விற்கும் பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பொதுப்பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கு என்ன விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். எழுத்தின் உயரத்துக்கும் விதியில் அளவு உண்டு. இதையெல்லாம் சேர்த்து எழுத்து பிடிஎஃப்-இல் கொடுத்துவிடுங்கள்.

மாதமும் விலையும் மாறக்கூடியவை. அந்த இடத்தைக் காலியாக விட்டு ரப்பர் ஸ்டாம்ப் அடிப்போம் என்பார்கள். லேமினேஷன் போட்ட லேபிளில் ஸ்டாம்ப் மை காயாது, விரல் பட்டால் இழுத்துக்கொள்ளும். அவை மட்டும் ஜாரின் அடியில் ஒரு சின்னக் காகித ஸ்டிக்கராக இருக்கட்டும். இதையும் கடிதத்திலேயே கேட்டுவிட்டால் இரண்டையும் சேர்த்து அடித்துவிடலாம்.

எந்த மெட்டீரியல்னு நான் சொல்லணுமா, நீங்க சொல்வீங்களா?

விற்கும் பொருள் என்ன என்று நீங்கள் சொல்ல வேண்டும், ஸ்டிக்கரை நாங்கள் சொல்வோம். படத்தில் சொரசொரப்பான கைவினைக் காகிதம் போலத் தெரியும், எல்லாரும் அதையே கேட்பார்கள். வாசனை எண்ணெய் ஒரு சொட்டு வழிந்தால் காகிதத்தில் ஈரம் பட்டது போல் ஒரு திட்டு விழும், அது போகாது. பிளாஸ்டிக்காலான பிபி ஃபிலிம் ஸ்டிக்கரில் மேட் லேமினேஷன் போட்டால் தாங்கும். மாதிரித் துண்டு கேட்டு வாங்கி, நீங்கள் பயன்படுத்தும் அதே எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, ஓர் இரவு வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். மை கையோடு வந்தால் அந்தச் சேர்க்கை வேண்டாம்.

ஏஐ-ல பண்ணதுன்னு சொன்னா கூட காசு கேட்பாங்க. சொல்லாம விட்டா என்ன?

பார்த்ததும் தெரிந்துவிடும். டிசைன் திரும்ப வரைவதற்குக் கட்டணம் உண்டு, அதை மறைத்தாலும் தவிர்க்க முடியாது. சொன்னால் முன்கூட்டியே தொகை தெரியும், சொல்லாவிட்டால் பாதி வேலையில் தெரியும். இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தப் பூவோ லோகோவோ ஏற்கெனவே பதிவான வேறொரு பிராண்டை ஒத்திருக்கலாம். லோகோ மட்டுமாவது ஏஐ தந்ததை அப்படியே எடுக்காமல், புதிதாக வரையச் சொல்லுங்கள்.

ஒரு மாதிரி லெட்டர் காட்டுங்களேன்.

நம் மல்லிகை ஜாருக்கு இப்படி எழுதலாம்:

> அண்ணாச்சிக்கு வணக்கம். மல்லிகை மெழுகுவர்த்தி ஜாருக்கு லேபிள் 500 வேண்டும். மூன்று ஃபைல் அனுப்பியிருக்கிறேன். காலி ஜார் ஒன்று கூரியரில் வருகிறது.
>
> `malli_model.png` ஏஐ-யில் உருவாக்கிய படம், பார்வைக்கு மட்டும். பெரிதாக்கவில்லை. இதிலிருந்து எடுக்க வேண்டியவை: கரும்பச்சைப் பின்னணி, நடுவில் பூங்கொத்து, பெயருக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடம். எடுக்க வேண்டாதவை: எழுத்து எல்லாம், பார்கோடு, முயல் சின்னம், இடது ஓர வெளிச்சம், ஜாரின் மர மூடி. என் மூடி கறுப்புத் தகரம்.
>
> `malli_text.pdf` எழுத்து முழுவதும். இதுவே இறுதி. வேர்டு ஃபைலும் மெயிலில் இருக்கிறது.
>
> `malli_size.pdf` அளவு: 225 × 58 மி.மீ., நேர்ப் பட்டை, பின்னால் இடைவெளி. ஜார் மேலும் கீழும் ஒரே சுற்றளவு.
>
> ஃபாயில் 'மல்லிகை' என்ற பெயருக்கு மட்டும். பிபி வெள்ளை ஸ்டிக்கர், மேட் லேமினேஷன், இதில் மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். மாதம், விலைக்கு அடிப்பக்கச் சின்ன ஸ்டிக்கர் தனியாக. பூவை நீங்கள் திரும்ப வரைய எவ்வளவு ஆகும்? அச்சில் பச்சை எப்படி வரும் என்று ஒரு பிரிண்ட் ப்ரூஃப் பார்த்த பிறகுதான் மொத்தமும் அடிக்க வேண்டும்.

இவ்வளவுதான். நிறத்தின் பெயரைக்கூடக் கடிதம் எழுதியவர் 'கரும்பச்சை' என்றே சொல்லியிருக்கிறார், ப்ரூஃப் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டார். எனக்கு அது போதும்.

ப்ரூஃப் வந்துச்சு, பச்சை படத்துல இருந்த மாதிரி இல்லை. யார் மேல தப்பு?

பெரும்பாலும் யார் மேலும் இல்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. ஒளிரும் பச்சை, நீலம், ஆரஞ்சு ஆகியவை சிஎம்ஒய்கே என்ற நான்கு வண்ண மையில் எட்டாது. மேட் லேமினேஷன் போட்டால் இன்னும் கொஞ்சம் அடங்கும். ஆகவே ப்ரூஃபை லேமினேஷனோடு கேளுங்கள், மொபைலின் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் பகல் வெளிச்சத்தில் ஜாரில் சுற்றிப் பாருங்கள். 'இன்னும் கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சை' என்று அந்தத் தாளை வைத்துச் சொன்னால் மாற்றிவிடலாம். படத்தைக் காட்டி 'இது மாதிரி' என்றால் மறுபடி அதே இடத்தில்தான் நிற்போம்.

எழுத்து பிடிஎஃப்-இல் ஒன்று, ப்ரூஃபில் வேறொன்று என்றால் அது அச்சகத்தின் தப்பு. படத்தில் ஒன்று, ப்ரூஃபில் வேறொன்று என்றால், கடிதத்தில் 'எடுக்க வேண்டியவை' பட்டியலில் அது இருந்ததா என்று பாருங்கள்.

இதே டிசைன்ல லாவண்டர், சந்தனம்னு வரிசையா போடப் போறேன். ஒவ்வொண்ணுக்கும் புதுசா ஜெனரேட் பண்ணட்டுமா?

வேண்டாம். ஒரே சொற்களைக் கொடுத்தாலும் அடுத்த முறை வேறு படம் வரும்: எழுத்து வைக்கும் இடம் நகரும், கொடி தடிக்கும், பச்சை வேறு பச்சையாகும். அலமாரியில் மூன்றையும் பக்கத்தில் வைத்தால் மூன்று கம்பெனி சரக்கு போலிருக்கும். மல்லிகைக்கு அச்சகம் திரும்ப வரைந்த ஃபைலையே அடிப்படையாக வைத்து, பூவையும் பின்னணி நிறத்தையும் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். புதுப் பூவுக்கு வேண்டுமானால் ஏஐ படம் ஒன்று அனுப்பலாம், பூ மட்டும், ஜார் இல்லாமல்.

அந்த அடிப்படை ஃபைல் உங்களுக்கும் கிடைக்குமா என்பதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். திரும்ப வரையக் காசு கொடுக்கிறவர் நீங்கள். சில இடங்களில் பிடிஎஃப் மட்டும் தருவார்கள், திருத்தக்கூடிய ஃபைலுக்குத் தனியாகக் கேட்பார்கள். வேலை முடிந்து ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யார் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றே தேட வேண்டியிருக்கும்.